‘உங்களுக்கு எப்போ வசதி?’ என்று கேட்காதீர்கள்

‘தவிர்க்க இயலாத காரணங்களால் நாளை நடைபெறவிருந்த கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. மறு தேதி பின்னர் அறிவிக்கப்படும்.’

அலுவலக அறிவிப்புப் பலகையில் இதைப் படிக்காதவர்கள் நம்மில் குறைவு. இதில் இலக்கணப் பிழை கிடையாது, மரியாதைக் குறைவும் கிடையாது. ஆனால் காரணம் என்ன, அடுத்து எப்போது, வருவதாக இருந்தவர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று எதுவும் இல்லை. பலகையில் ஒட்டுவதற்கு இது போதும். நாளைக்கு நம்மைப் பார்க்கக் கிளம்பப்போகிற ஒரு மனிதரிடம் இதையே சொன்னால், ‘உன் நாள் கெட்டுப்போனது உன் பாடு’ என்றுதான் அவர் காதில் விழும்.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு சந்திப்பைத் தள்ளிவைக்க நேர்வது யாருக்கும் வரும். அதை எப்படிச் செய்வது என்று பொதுவில் பேசினால் உபதேசமாகிவிடும். அதனால் திருப்பூரில் வாராவாரம் நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் பெண் அவர். வெளிநாட்டு பையருக்கும் இங்கே துணி பின்னுபவர், சாயம் போடுபவர், தைப்பவர் எல்லாருக்கும் நடுவில் நின்று ஆர்டரைக் கரை சேர்ப்பது அவர் வேலை. செவ்வாய்க்கிழமை, தேதி 11. மறுநாள் புதன் காலை 11 மணிக்கு பெருந்துறையிலிருந்து சாயப்பட்டறைக்காரர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. கொண்டுவருவது லேப் டிப். மொத்தத் துணிக்கும் சாயம் போடுவதற்கு முன்னால் சின்னத் துண்டில் அந்த நிறத்தைப் போட்டுக் காட்டுவதுதான் லேப் டிப். இதுதான் என்று முடிவானால் திங்கட்கிழமை மெஷினில் துணி ஏற்றலாம்.

செவ்வாய் மாலை 5 மணிக்கு பையர் ஆபீஸிலிருந்து போன். வேறொரு ஆர்டருக்கு வியாழக்கிழமை நடக்கவேண்டிய இறுதி இன்ஸ்பெக்‌ஷனைப் புதன்கிழமைக்கே மாற்றிவிட்டார்கள். மெர்ச்சண்டைசரும் மேனேஜரும் நாள் முழுக்க பேக்கிங் பக்கம் நின்றாக வேண்டும். 11 மணிச் சந்திப்பு நடக்க வழியில்லை.

இந்த நேரத்தில் நம்மில் பலரும் செய்வது ஒன்று உண்டு. ‘எப்படியாவது ஒரு அரை மணி நேரம் ஒதுக்கிவிடலாம், காலையில் பார்த்துக்கொண்டு சொல்லலாம்’ என்று விட்டுவிடுவது. கெட்ட செய்தியைச் சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கான கூலியை மற்றவர் கொடுக்கிறார். செவ்வாய் 5 மணிக்குச் சொன்னால் சாயப்பட்டறைக்காரர் மறுநாளை வேறு மாதிரி அமைத்துக்கொள்ளலாம். புதன் காலை 9 மணிக்குச் சொன்னால், லேப் ஆளும் அவரும் வேலையை விட்டுவிட்டுக் குளித்துக் கிளம்பி நிற்பார்கள். இரண்டு முறையும் ரத்தாவது அதே ஒரு மணி நேரப் பேச்சுதான். ஆனால் அவருக்கு ஆகும் சேதம் ஒன்றல்ல. ‘நடக்குமா நடக்காதா என்று தெரியவில்லை’ என்ற நிலையையும் செய்தியாகச் சொல்லலாம்: ‘சந்தேகமாக இருக்கிறது, ஏழு மணிக்குள் உறுதி சொல்லிவிடுகிறேன், அதுவரை வண்டிக்குச் சொல்லிவிடாதீர்கள்.’ அதுவே பாதி உதவி.

ஆனாலும், சொல்வதற்கு முன்னால் பத்து நிமிட வேலை இருக்கிறது. அடுத்த நாட்களில் எந்த நேரம் நமக்கு உண்மையிலேயே காலி என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். புதன் போனால் வியாழன் என்று வாயில் வந்துவிடும். வியாழன் காலியாகத்தான் தெரியும். இன்ஸ்பெக்‌ஷன்தான் முன்னால் வந்துவிட்டதே!

அந்த வியாழனைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். சரக்கு 5,000 பீஸ் என்று வையுங்கள். வழக்கமான மாதிரி எடுக்கும் முறைப்படி அதிலிருந்து 200 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். ஏ.க்யூ.எல். 2.5 என்ற அளவுகோலில் 10 பீஸ் வரை குறை இருந்தால் பாஸ். 11 ஆனால் ஃபெயில். ஃபெயிலானால் பெட்டிகளைப் பிரித்து, எல்லாப் பீஸையும் ஒரு தரம் பார்த்து, குறையைச் சரிசெய்து, மறுபடி மடித்து அடுக்கி, இன்ஸ்பெக்டரைத் திரும்ப அழைக்க வேண்டும். அப்படியானால் வியாழன் போயே போயிற்று. எந்தக் காரணம் புதனைத் தின்றதோ அதே காரணம் வியாழனையும் தின்னக் காத்திருக்கிறது.

நாம் முன்வைக்கும் மாற்று நேரம், இப்போதைய தடங்கல் நீண்டாலும் தொடாத இடத்தில் இருக்க வேண்டும். முதல் முறை தள்ளிவைத்தால் ‘பாவம், அவங்களுக்கு என்ன அவசரமோ’ என்பார்கள். அதே வாரத்தில் இரண்டாம் முறை தள்ளிவைத்தால் முதல் முறை சொன்ன காரணத்தின் மேலும் சந்தேகம் வந்துவிடும். அதனால் நாளைக்கே மாலை, நாளன்றைக்குக் காலை என்று அவசரப்பட்டுக் கொடுப்பதைவிட, ஒரு நாள் தள்ளி உறுதியாகக் கொடுப்பது நல்லது. இந்த மெர்ச்சண்டைசருக்கு எல்லைகள் தெளிவாகிவிட்டன: வியாழன் ஆபத்து, திங்களன்று மெஷின் காத்திருக்கிறது, ஆகவே வெள்ளி அல்லது சனி.

அடுத்தது, சந்திப்பு இல்லாமலே காரியம் நடக்குமா என்ற கேள்வி. பல சந்திப்புகளை ஒரு போன்காலில் முடித்துவிடலாம், உண்மைதான். நிறம் பார்ப்பது அந்த வகையில் சேராது. வாட்ஸாப்பில் போட்டோ அனுப்பினால் ஒரே துண்டு ஒரு போனில் நீலமாகவும் இன்னொரு போனில் ஊதாவாகவும் தெரியும். லைட் பாக்ஸ் என்ற பெட்டிக்குள் துண்டை வைத்து, பகல் வெளிச்சம் போன்ற விளக்கில் ஒரு தரம், பையரின் கடையில் இருக்கும் விளக்கு மாதிரி ஒன்றில் ஒரு தரம் பார்க்க வேண்டும். ஒரு வெளிச்சத்தில் மூல நிறத்தோடு ஒத்துப்போவது இன்னொரு வெளிச்சத்தில் விலகிப்போகும். ஆக நேரில் பார்த்தே தீர வேண்டும். ஆனால் எங்கே பார்ப்பது? லைட் பாக்ஸ் சாயப்பட்டறையிலும் இருக்கிறதே.

இதை மறந்துவிடுகிறோம். மாற்று என்றால் மாற்று நேரம் மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். இடத்தை மாற்றலாம், ஆளை மாற்றலாம், நேரத்தைச் சுருக்கலாம். முந்தின நாள் மாலையில் ஏற்பாட்டைக் கலைத்தவர், ‘இந்தத் தடவை நானே வருகிறேனே’ என்று சொல்வதற்கு நம் ஊரில் இருக்கும் மதிப்பு நாலு பத்தி மன்னிப்புக்குக் கிடையாது. பெருந்துறைக்குப் போய்த் திரும்பும் அலைச்சல் அவர் தலையிலிருந்து இவர் தலைக்கு மாறுகிறது.

எத்தனை மாற்று கொடுப்பது? இதற்கு விடை அந்த லேப் டிப்பிலேயே இருக்கிறது. ஒரு நிறத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று துண்டுதான் போட்டுக் கொண்டுவருவார்கள், ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை வித்தியாசத்தில். ஒன்றே ஒன்று கொண்டுவந்தால் அது பிடிக்காதபோது திரும்பவும் முதலிலிருந்து. பதினைந்து கொண்டுவந்தால் பையர் குழம்பிப்போய் ‘அப்புறம் சொல்கிறேன்’ என்பார். நேரமும் அப்படித்தான். ‘வெள்ளி 9.30 சரியா?’ என்று ஒன்றை மட்டும் கேட்டால் கட்டளை மாதிரி ஆகிவிடும். முடியாது என்றால் அவர் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். மூன்று இருந்தால் காரணம் சொல்லாமலே இரண்டை விலக்கலாம்.

மாறாக, மிக மரியாதையாகத் தோன்றும் ஒரு வழி உண்டு. ‘உங்களுக்கு எப்போ வசதியோ சொல்லுங்க, நாங்க பார்த்துக்கறோம்.’ எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் பெரிய வருத்தம். ஏற்பாட்டைக் கெடுத்தது நாம். புது நேரம் யோசிக்கும் வேலை இப்போது அவருக்கு. அவர் ஒரு நேரம் சொல்ல, ‘அன்னைக்கு மேனேஜர் ஊரில் இல்லையே’ என்று நாம் சொல்ல, இன்னொன்று சொல்ல, அதுவும் ஒத்துவராமல் போக, கடைசியில் கெஞ்சுகிறவர் அவராகிவிடுவார். தள்ளிவைத்தவர்தான் யோசிக்கும் வேலையையும் சுமக்க வேண்டும். ‘இந்த மூன்றும் ஒத்துவரவில்லை என்றால் நீங்கள் ஒன்று சொல்லுங்கள்’ என்பதைக் கடைசியில் சேர்க்கலாம். அதுவே ஆரம்பமாக இருக்கக் கூடாது.

மூன்றைத் தேர்ந்தெடுப்பதிலும் நம் பக்கத்து நாட்குறிப்பை மட்டும் பார்த்தால் போதாது. வெள்ளிக்கிழமை காலை 10.30 முதல் 12 வரை ராகு காலம். உங்களுக்கு அதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது இங்கே பொருட்டல்ல. புது ஆர்டரின் முதல் நிறத்தை அந்த நேரத்தில் முடிவுசெய்ய எதிராளிக்கு மனம் ஒப்புமா என்பதுதான் கேள்வி. ஒப்பாதவர் அதை வாய்விட்டுச் சொல்லவும் கூச்சப்படலாம். எதிராளி முஸ்லிமாக இருந்தால் வெள்ளி மதியம் ஜும்மா தொழுகை நேரம். இதையெல்லாம் கேட்காமலே தவிர்த்துக் கொடுத்தால், நம்மை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றும்.

பிறகு, கொடுக்கிற மூன்று நேரமும் மேனேஜருக்கும் தோதா என்று ஒரு வார்த்தை கேட்டு, மூன்றையும் தன் நாட்குறிப்பில் அடைத்துவைத்துவிட வேண்டும். பதில் வருவதற்குள் வேறொருவருக்கு அதே நேரத்தைக் கொடுத்துவிட்டால் கதை கந்தல். அதற்காக நாட்கணக்கில் அடைத்துவைக்கவும் முடியாது. அதனால் ‘நாளை மாலை 6 மணி வரை இந்த மூன்றும் உங்களுக்கே’ என்று ஒரு கெடு.

மணி 5.15. இப்போது போன். வாட்ஸாப் அல்ல, போன். இரண்டு சாம்பல் நிற டிக் விழுந்தால் செய்தி அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் பொருள். அவர் படித்தார் என்று பொருளல்ல. நீல டிக் வராதபடி அணைத்துவைத்திருப்பவர்களும் உண்டு. ‘நான்தான் நேத்தே போட்டிருந்தேனே’ என்பது வாசலில் வந்து நிற்பவரிடம் சொல்லக்கூடிய பதிலே அல்ல. இன்னும் ஒரு நாள்கூட இல்லை என்றால் முதலில் குரல், பிறகு எழுத்து.

“அண்ணா, வணக்கங்க. வண்டியில இருக்கீங்களா, பேசலாங்களா?”

“சொல்லுங்க அம்மிணி.”

“நாளைக்கு 11 மணிக்கு உங்களை வரச் சொல்லியிருந்தேனுங்க. நாளைக்கு முடியாமப் போச்சுங்க. வியாழக்கிழமை இருந்த இன்ஸ்பெக்‌ஷனை பையர் நாளைக்கே மாத்திட்டாங்க. நானும் மேனேஜரும் நாள் முழுக்க பேக்கிங்ல நிக்கணும். நீங்க லேப் ஆளையும் கூட்டிட்டு வர ஏற்பாடு பண்ணியிருப்பீங்க. அது எங்களால கெட்டுப்போச்சுங்க, மன்னிச்சுக்குங்க.”

முடியாது என்ற செய்தி சுற்றி வளைக்காமல் முதலிலேயே வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். குழந்தைகள் சௌக்கியமா, மழை உண்டா என்றெல்லாம் விசாரித்து, அவர் நிம்மதியாகப் பேச ஆரம்பித்த பிறகு இடியை இறக்குவது நமக்குப் பழக்கம். அவசரச் செய்தியில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம். காரணம் ஒரே வாக்கியம். ‘தவிர்க்க இயலாத காரணம்’ என்று மூடாமலும், இன்ஸ்பெக்டர் யார், போன வாரம் அவர் என்ன செய்தார் என்று புலம்பாமலும் சொன்னது. அதைவிட முக்கியம், ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்ற மொத்த விலைச் சொல்லுக்குப் பதிலாக, அவருக்கு நேரப்போகும் அந்தச் சிரமம் எது என்று பெயர் சொல்லிச் சொன்னது: லேப் ஆள்.

அப்படிப் பெயர் சொன்னதால் ஒரு கதவு திறக்கிறது.

“பரவால்லீங்க அம்மிணி. அந்தப் பையன் வேற நாளைக்கு லீவு கேட்டிருந்தான். உங்ககிட்ட வரணும்னு நான்தான் வேண்டாம்னு சொன்னேன்.”

“அப்படீன்னா அவருக்கு நாளைக்கே லீவு குடுத்துருங்கண்ணா. வெள்ளிக்கிழமை காலைல 9.30க்கு நானே அங்க வந்துடறேன். இல்லைன்னா வெள்ளி சாயங்காலம் 4 மணிக்கு நீங்க இங்க வரலாம், சனிக்கிழமை 11 மணியும் ஆகுமுங்க. இப்பவே சொல்லணும்னு இல்லீங்க. மூணையும் எழுதி அனுப்பறேன், பார்த்துட்டுச் சொல்லுங்க.”

செவ்வாய் மாலையிலேயே சொன்னதால்தான் அந்தப் பையனுக்கு லீவு கிடைத்தது. புதன் காலையில் சொல்லியிருந்தால் லீவும் இல்லை, வேலையும் இல்லை என்று ஆகியிருக்கும்.

‘பரவாயில்லை’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் அதற்கு அகராதிப் பொருளைத் தேடிப் பயனில்லை. அதைச் சொல்லிவிட்டு ‘ஆனா’ என்று ஆரம்பித்தால் உண்மை வெளியே வருகிறது, நல்லது. ‘பரவாயில்லைங்க’ என்று மட்டும் சொல்லிப் பேச்சு நின்றுபோனால் எரிச்சல் உள்ளே இருக்கிறது. நம்மிடம் ஆர்டர் வாங்குபவர், நம்மிடம் வேலை கேட்டு நேர்காணலுக்கு வருபவர், நமக்குக் கீழே இருப்பவர் ஆகியோர் எப்போதும் ‘பரவாயில்லை சார்’ என்றுதான் சொல்வார்கள். வேறு சொல்ல அவர்களால் முடியாது. அங்கே ‘பரவாயில்லையா?’ என்று கேட்பதே வீண். ‘டிக்கெட் போட்டுவிட்டீர்களா? ரத்து செய்வதில் எவ்வளவு நட்டம்?’ என்று கேட்டால்தான் பதில் வரும். ரயில் கிளம்பும் நேரம் நெருங்க நெருங்க டிக்கெட்டில் பிடித்தம் கூடிக்கொண்டே போகும் என்பது தெரிந்ததே. நம்மால் ரத்தான பயணம் என்றால் அதை நாமே கொடுத்துவிடுவதுதான் முறை. அவர் வேண்டாம் என்பார். ஒரு முறைக்கு இரண்டு முறை சொல்லலாம்.

போனை வைத்த கையோடு எழுத்து:

‘அண்ணா, இப்போது பேசியபடி நாளை 12ஆம் தேதி புதன் காலை 11 மணிச் சந்திப்பு இல்லை. அதற்குப் பதிலாக இந்த மூன்றில் ஒன்று:
1) 14ஆம் தேதி வெள்ளி காலை 9.30, உங்கள் இடத்தில். நான் வருகிறேன்.
2) 14ஆம் தேதி வெள்ளி மாலை 4.00, எங்கள் ஆபீஸில்.
3) 15ஆம் தேதி சனி காலை 11.00, எங்கள் ஆபீஸில்.
நாளை மாலை 6 மணி வரை மூன்றையும் உங்களுக்காக வைத்திருக்கிறேன். 1, 2, 3 என்று எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். திங்கள் மெஷின் ஏற்றுவதில் மாற்றமில்லை. லேப் டிப் தயாராக இருப்பது தெரியும்; தாமதம் எங்கள் பக்கம்தான்.’

கடைசி இரண்டு வாக்கியங்கள் ஏன்? ஒரு சந்திப்பு தள்ளிப்போனால் அதன் பின்னால் வரிசையில் நிற்கும் வேலைகளும் தள்ளிப்போகுமோ என்று எதிராளிக்குக் கலக்கம் வரும். எது மாறவில்லை என்பதையும் சொன்னால்தான் அது தீரும். தாமதத்துக்குப் பொறுப்பு யார் என்று எழுத்தில் இருப்பது, நாளைக்கு ஷிப்மென்ட் பிந்தி யார்மேல் பழி என்று பேச்சு எழும்போது அவருக்குப் பாதுகாப்பு. அதைத் தானாகவே எழுதிக் கொடுப்பவர்கள் குறைவு. அதனாலேயே அது நினைவில் நிற்கும்.

தேதி, கிழமை, மணி மூன்றையும் சேர்த்து எழுதியதும் சும்மா அல்ல. செவ்வாய்க்கிழமை நின்றுகொண்டு ‘அடுத்த வெள்ளி’ என்றால் ஒருவருக்கு 14, இன்னொருவருக்கு 21. ‘ரெண்டு நாள் முன்னாடி தள்ளியாச்சு’ என்றால் அது முன்பா பின்பா என்று கடவுளுக்கே வெளிச்சம். இதற்காகவே நம் நாட்டு ஆங்கிலத்தில் ‘ப்ரீபோன்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. வெளிநாட்டு பையரிடம் அதைச் சொன்னால் சிலர் விழிப்பார்கள். பையரோடு வீடியோ காலைத் தள்ளிவைக்கும்போது இன்னொரு சிக்கலும் சேரும். நம் கடிகாரம் வருடம் முழுக்க ஒன்றுதான். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். நமது பிற்பகல் 2.30 ஜெர்மனியில் கோடையில் காலை 11, குளிர்காலத்தில் காலை 10. அந்த ஞாயிறைத் தாண்டி ஒரு சந்திப்பைத் தள்ளினால் இரு ஊர் மணியையும் எழுதிவிடுவது நல்லது.

கூகுள் காலெண்டரில் அழைப்பு அனுப்பியிருந்தால், பழையதை அழித்துப் புதிதாக ஒன்று போடாமல், அதே அழைப்பைத் திறந்து நேரத்தை மட்டும் மாற்றுங்கள். அப்போது எதிராளியின் காலெண்டரில் இருப்பதே புது இடத்துக்கு நகரும். வீடியோ இணைப்பும் அதுவே தொடரும். வாராவாரம் நடக்கும் சந்திப்பு என்றால் மாற்றும்போது `This event` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கை தவறி `All events` அழுத்தினால் இந்த வாரத்துக்கான மாற்றம் வருகிற எல்லா வாரங்களுக்கும் போய்விடும். அது இரண்டு வாரம் கழித்துத்தான், யாரோ ஒருவர் வராமல் போகும்போது, தெரியவரும்.

நம் கதையில் புதன் காலை எட்டு மணிக்கே ‘1’ என்று பதில் வந்துவிடுகிறது. மெர்ச்சண்டைசர் மற்ற இரண்டு நேரங்களையும் விடுவிக்கிறார். மாலை 5 மணி. இன்ஸ்பெக்டர் 200 பீஸையும் பார்த்து முடித்துக் கணக்கெழுதுகிறார்: குறை 12. ஃபெயில். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொள்கிறார். வியாழன் முழுக்கப் பெட்டி பிரிக்கும் சத்தம்.

அன்று மாலை, பிசிறு வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே அவர் பெருந்துறைக்கு ஒரு வரி அனுப்புகிறார். ‘அண்ணா, நாளை காலை 9.30க்கு அங்கே இருப்பேன்.’

‘வாங்க அம்மிணி. பையனும் லீவு முடிஞ்சு வந்துட்டான்.’